காய்ச்சல் விட்ட பின்னும் விடாத களைப்பு

குளிர்காலம் தொடங்கினால் எங்கள் வீடுகளில் ஒருவர் மாறி ஒருவர் இன்புளுவென்சாவில் படுப்பது வழமை. காய்ச்சலும் உடம்பு நோவும் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் விட்டுவிடுகின்றன. ஆனால் மூன்று கிழமை கழிந்தும் படி ஏறினால் கால் சோர்கிறது. படிக்கிற பிள்ளை ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. “காய்ச்சல்தான் விட்டிட்டுதே, இன்னும் என்ன படுக்கை?” என்ற கேள்வி வீட்டிலும் வருகிறது, வேலைத்தலத்திலும் வருகிறது.

இந்தக் களைப்பு சோம்பல் அல்ல. வைரசை எதிர்க்க எங்கள் உடல் சில இரசாயனப் பொருட்களைச் சுரக்கிறது. காய்ச்சலையும் உடம்பு நோவையும் பசியின்மையையும் உண்டாக்குபவை அவைதான். மூளையை “படுத்திரு” என்று சொல்ல வைப்பவையும் அவைதான். காய்ச்சல் விட்டவுடன் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடுவதில்லை. அதோடு, ஒரு கிழமை படுக்கையில் கிடந்ததால் தசை பலம் குறைந்திருக்கும். இரவு முழுவதும் இருமியதால் நித்திரையும் கெட்டிருக்கும். வயதானவர்களுக்கும் ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களுக்கும் தேறுவதற்கு இன்னும் கூடுதல் நாள் எடுக்கலாம்.

இந்தக் களைப்பில் ஒரு பொறி இருக்கிறது. அளவுக்கு மீறிச் செய்த அன்றைக்கு அது தெரியாது. அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோதான் உடம்பு விழும். அதனால், இன்றைக்கு எவ்வளவு செய்ய முடிந்தது என்பதை விட, அதைச் செய்த பிறகு வந்த இரண்டு நாட்களும் எப்படி இருந்தன என்பதே சரியான அளவுகோல்.

இலண்டனில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுப்போம். மாலையில் அலுவலகத் துப்புரவு வேலையும் அவருக்கு உண்டு. வீட்டுக் கடனையும் ஊருக்கு அனுப்பும் காசையும் நினைத்து, காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் திங்கட்கிழமை இரண்டு வேலைக்கும் போகிறார். அன்று எப்படியோ சமாளித்துவிடுகிறார். புதன்கிழமை காலை கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இரண்டு நாள் படுக்கிறார். கொஞ்சம் சுகமானதும், விட்ட வேலையைப் பிடிக்க வேண்டுமென்று சனிக்கிழமை இரட்டிப்பாக ஓடுகிறார். திங்கட்கிழமை திரும்பவும் விழுகிறார். இப்படியே மாதம் ஒன்று போய்விடும்.

அவர் செய்யக்கூடியது வேறு. முதலில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு கொப்பியில், என்ன செய்தார், எவ்வளவு நேரம், அடுத்த நாள் எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும். பத்து நிமிட நடையும், கதிரையில் இருந்தபடி இருபது நிமிடச் சமையலும் அடுத்த இரண்டு நாட்களைக் கெடுக்கவில்லை என்றால், அதுவே அவருடைய தொடக்க அளவு. நல்ல நாளிலும் அதைத் தாண்டக்கூடாது. கூடாத நாளில் குறைக்கலாம், ஆனால் நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பதும் நல்லதல்ல. மூன்று நாட்கள் சீராகப் போனால் நடையில் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். உடம்பு விழுந்தால் முந்திய அளவுக்குத் திரும்பி, சீராகும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

வேலைக்கும் இதே முறைதான். முதல் கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு மணித்தியாலம் வீதம் மூன்று நாட்கள், ஆட்களைத் தூக்கும் வேலை இல்லாமல் தொடங்கலாம். அது தாங்கினால் அடுத்த கிழமை நான்கு நாட்கள், அதற்கு அடுத்த கிழமை ஆறு மணித்தியாலம். முழு நேர வேலை வந்து ஒரு கிழமை சீராகப் போன பின்புதான் மாலை வேலை. வருமானம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிழமை ஓடி ஒரு கிழமை படுத்தால் இழப்பு அதைவிடக் கூடலாம்.

பிரித்தானியாவில் இதைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. முதல் ஏழு நாட்களுக்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. நாங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு “ஃபிட் நோட்” வேண்டும். எங்களில் பலர் அதை லீவுக் கடிதம் என்றே நினைக்கிறோம். “சில மாற்றங்களுடன் வேலை செய்யலாம்” என்ற இன்னொரு தெரிவும் அதில் உண்டு. படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், வேலை வகை மாற்றம் ஆகியவற்றை வைத்தியர் அதில் குறிக்கலாம். அந்த மாற்றங்களைச் செய்து தர முதலாளிக்கு முடியாவிட்டால், வேலை செய்ய முடியாதவர் என்ற கடிதமாகவே அது கொள்ளப்படும்; புதிய கடிதம் தேவையில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு, மூளை வேலையும் வேலைதான் என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் வாசித்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுப்பது, இரண்டு மணித்தியாலம் புத்தகத்தின் முன் இருப்பதைவிடப் பலன் தரும். கைபேசி பார்ப்பது ஓய்வல்ல. முதல் நாட்களில் அரைநாள் பாடசாலை கேட்கலாம். பல்கலைக்கழக மாணவர் ஒப்படைக்கும் நாளை நீடிக்கக் கேட்பதானால், தவணை முடிய முன்னரே எழுத்தில் கேட்க வேண்டும்.

உடற்பயிற்சி கடைசியாகத் திரும்ப வேண்டியது. காய்ச்சலோ உடம்பு நோவோ இருக்கும்போது வியர்க்க விளையாடக்கூடாது. அரிதாக இந்த வைரஸ் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அன்றாட வேலைகள் ஒரு கிழமை சீராகப் போன பிறகு, முன்பு செய்ததில் பாதி நேரத்துடனோ அதற்கும் குறைவாகவோ, தொடர்ந்து கதைக்கக்கூடிய வேகத்தில் தொடங்கலாம். மூச்சு வாங்கி, இருந்ததும் சிறிது நேரத்தில் சரியானால் அது பழக்கம் விட்ட உடம்பு. மெல்ல மெல்லப் பழக்கினால் தேறும். ஒன்றிரண்டு நாட்களின் பின் காய்ச்சல் திரும்பியது போல முழு உடம்பும் சோர்ந்து, நித்திரை கொண்டும் களைப்புத் தீராவிட்டால் அது எல்லை மீறியதன் அடையாளம். அந்த நிலையில் “பழகப் பழகச் சரிவரும்” என்று தள்ளக்கூடாது.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், மயக்கம், இதயப் படபடப்பு, மனக்குழப்பம், சளியில் இரத்தம் ஆகியவை அவசர உதவிக்குரியவை. ஓரளவு சுகமான பின் திரும்பவும் காய்ச்சல் ஏறினால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரைக் கேட்க வேண்டும். எங்கள் சமூகத்தில் நீரிழிவு அதிகம். களைப்போடு தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சீனியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு போன்றவையும் இதே களைப்பாகத்தான் தெரியும்.

களைப்பு மெதுவாகவேனும் குறைந்துகொண்டு போனால் பொறுத்திருக்கலாம். பிரித்தானியாவின் 2021 ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியின்படி, செயல்பட்ட பின் உடம்பு விழுவது, நித்திரையால் தேறாமை, மறதி ஆகியவை களைப்போடு சேர்ந்து பெரியவர்களுக்கு ஆறு கிழமையும் பிள்ளைகளுக்கு நான்கு கிழமையும் நீடித்தால், நாட்பட்ட களைப்பு நோய் இருக்கக்கூடும் என்று வைத்தியர் சந்தேகிக்க வேண்டும். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். பத்து நிமிடச் சந்திப்பில், மொழி தடுமாறினாலும், எந்த நாள் என்ன செய்தோம், எந்த நாள் விழுந்தோம் என்பதை அது காட்டிவிடும்.