எதை விற்பது, எதைக் கைவிடுவது?

தள்ளாடும் குடும்ப நிறுவனத்தைப் பற்றிய வகுப்பில் "எங்கே தவறினார்கள்?" என்று கேட்டால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். முடிவெடுக்க வேண்டியவரின் நாற்காலியில் மாணவரை உட்காரவைக்கும் கேள்விதான் சூடு பிடிக்கும். அதற்கு டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனம் நல்ல களம்.

2003, 2004 ஆண்டுகளில் பெருநஷ்டம். நிறுவனரின் பேரன் தலைமைப் பொறுப்பை விட்டு விலக, குடும்பத்தைச் சேராத 35 வயது யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் வந்தார். முதல் கேள்வி: உரிமையை வைத்துக்கொண்டு நிர்வாகத்தை விட்டுத்தரும் குடும்பம், எதில் மட்டும் தலையிடலாம்?

அடுத்தது லெகோலேண்ட் பூங்காக்கள். பெருமைக்குரியவைதான், ஆனால் முதலீட்டை விழுங்கின. 2005-இல் அவற்றை விற்றார்கள். ஆனாலும் வாங்கிய நிறுவனத்தில் குடும்பம் ஒரு பங்கை வைத்துக்கொண்டது. முழுதாக விற்றிருந்தால் கூடுதல் பணம் கிடைத்திருக்குமே, ஏன் விடவில்லை?

எனக்குப் பிடித்தது கட்டைகளைப் பற்றிய கேள்வி. உதிரி வகைகள் ஏறத்தாழ 13,000 ஆகப் பெருகியிருந்தன. புது வடிவம் ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த அச்சு வேண்டும். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் பயன்படும் கட்டை அந்தச் செலவை மீட்காது. வகைகளைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். வடிவமைப்பாளர்களின் சுதந்திரம் சுருங்கியது. எந்தக் கட்டை போகவேண்டும் என்பதைக் கணக்காளர் சொல்வதா, வடிவமைப்பாளர் சொல்வதா?

எல்லா முடிவும் பலிக்கவில்லை. 2006-இல் உற்பத்தியின் பெரும்பகுதியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தவர்கள், 2008-இல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிவு செய்தார்கள்.