பரீட்சை வாசலில் படபடக்கும் நெஞ்சு

கேள்வி: பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. ஹாலுக்குள் போகும் முன்பே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நாடியை எண்ணினால் 120. இதயத்தில் ஏதும் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். இதயத்தை அதன் போக்கில் விட்டால் ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் கடிவாளம் போல இழுத்துப் பிடித்து 70, 80-இல் வைத்திருக்கிறது. பயம் வந்ததும் மூளை முதலில் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு அட்ரினலின் சுரந்து வேகம் கூடுகிறது.

இந்த நரம்பின் வேலையை விரலாலேயே உணரலாம். கட்டைவிரல் பக்கமுள்ள மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து மெதுவாக மூச்சு விட்டால், மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு நெருங்கும். வெளியே வரும்போது இடைவெளி விட்டு விழும். இளவயதினருக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் நாடியை இறக்க, மூச்சை விடும் நேரத்தை நீட்ட வேண்டும்.

மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். 120 என்பது 100 பக்கம் இறங்கினாலே நல்ல பலன்தான். அன்றைக்குப் போய் 72 வரவில்லையே என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தால் அதுவே தனிப் படபடப்பாகிவிடும்.

‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளைகளோ வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை வாங்குவார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உதடும் விரல் நுனியும் மதமதக்கும், தலை சுற்றும். அப்படி ஆனால் மூச்சைச் சிறிதாக்க வேண்டும். தோள் ஏறக் கூடாது, வயிறு மட்டும் லேசாக அசைந்தால் சரி.

கேள்வி: இன்டர்வியூவில் என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். ஐந்து நிமிடம் இல்லையே?

ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு உதவும். மேடையில் பேசும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். நாடி என்னவோ இறங்கவில்லை! துடிக்கிற நெஞ்சை அமைதி என்று நம்ப வைப்பதைவிட ஆர்வம் என்று நம்ப வைப்பது சுலபம். காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு காபியை மட்டும் தவிர்க்கலாம்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பயத்தால் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுவிட்ச் போட்டது போல திடீரென 150-ஐத் தாண்டி, அதேபோல சட்டென்று நின்றால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மயக்கமோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் தாமதிக்கவே கூடாது. பரீட்சை இல்லாத நாளிலும் வேகம் குறையவில்லை என்றால் இரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்வார்கள். நண்பன் கொடுத்தான் என்று புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொள்வது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும்.