பாயசம் ஏன் திரிகிறது?

பாசிப்பருப்பு குழைய வெந்து, பாலும் கொதித்துவிட்டது. வெல்லப் பாகை ஊற்றிக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுகிறோம். சற்று நேரத்தில் கரண்டியின் முதுகில் ரவை போன்ற வெள்ளைத் துகள்கள் ஒட்டுகின்றன. ஓரத்தில் மஞ்சளான தண்ணீர் பிரிந்து நிற்கிறது. பாயசம் திரிந்துவிட்டது. நேற்றுவரை திரியாத அதே கைப்பக்குவம் இன்று ஏன் திரிந்தது என்பதற்கான விடை, பாலுக்குள் இருக்கும் கேசீன் என்ற புரதத்தில் இருக்கிறது.

பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக அது பாலில் மிதக்கிறது. உருண்டைகளின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. பாலில் புளிப்பு ஏறினால் அந்த மின்னூட்டம் குறைகிறது. விலக்கும் விசை போனதும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. தயிர் உறைவதும் இதனால்தான்.

புளிப்பைப் பி.ஹெச். என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நல்ல பாலின் பி.ஹெச். சுமார் 6.6. குளிர்ந்த பால் கட்டியாக வேண்டுமானால் அது 4.6 வரை இறங்க வேண்டும். கொதிக்கும் பாலோ 6-ஐ நெருங்கும்போதே திரிய ஆரம்பிக்கும். சூட்டில் உருண்டைகள் வேகமாக மோதிக்கொள்வதால் கொஞ்சம் புளிப்பே போதுமானதாகிறது. ஆகவே பாலைத் திரிய வைப்பது புளிப்பும் கொதியும் சேர்ந்த கூட்டணி. இரண்டையும் ஒரே நேரத்தில் சந்திக்க விடாமல் இருப்பதே பாயசத்தின் பக்குவம்.

வெள்ளைச் சர்க்கரை பாலைத் திரிய வைப்பதில்லை. சுத்திகரிப்பில் அதிலுள்ள அமிலங்களும் தாதுக்களும் நீங்கிவிடுகின்றன. வெல்லம் கரும்புச் சாற்றைக் காய்ச்சி அப்படியே இறுக்கியது. சாற்றின் அமிலங்கள் அதில் இருக்கின்றன. அழுக்கெடுக்கச் சேர்க்கும் சுண்ணாம்பின் கால்சியமும் கொஞ்சம் தங்குகிறது. கால்சியமும் கேசீன் ஒட்டுவதற்குத் துணைபோகும். ஈரம் கோத்துப் பிசுபிசுத்த பழைய வெல்லத்தில் புளிப்பு இன்னும் கூடியிருக்கும். காலையில் வாங்கிய பாலை மாலையில் காய்ச்சினால் பாலும் சற்றுப் புளிப்பேறியிருக்கலாம். இரண்டும் சேர்ந்த நாளில்தான் வழக்கமான பக்குவம் கைவிடுகிறது.

இனிச் செய்முறை. அரை கப் பாசிப்பருப்பை வறுத்துத் தண்ணீரில் வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து, கல் மண் போக வடிகட்டி, பருப்போடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வெல்லத்தின் பச்சை வாசனை இங்கேயே போய்விட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து ஆற விடுங்கள். இரண்டு கப் பாலைத் தனியே காய்ச்சி, அதையும் ஆற விடுங்கள். இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றவே கூடாது. சூடாகப் பரிமாற வேண்டுமானால் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி வைத்து வெதுவெதுப்பாக்கலாம்.

வெல்லத்தின்மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கரண்டியில் கொஞ்சம் பாலும் பாகும் கலந்து சூடாக்கிப் பாருங்கள். துகள் தெரிந்தால் அந்த வெல்லத்துக்குத் தேங்காய்ப்பால்தான் சரி. தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லாததால் அது வெல்லத்தோடு ஒத்துப்போகும். ஆனால் தலைப்பாலைக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும் என்பதால் கடைசியில் ஊற்றி இறக்கிவிட வேண்டும். சிட்டிகை சோடா உப்பு சேர்த்தும் புளிப்பைத் தணிக்கலாம். ஆனால் சற்றே கூடினாலும் சோப்பு வாடை வந்துவிடும்.

பாயசத்தில் பழம் சேர்ப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். புளிப்பான பழங்களின் புளிப்பு வெல்லத்தைவிடப் பல மடங்கு கூடுதல். அதனால் கை பொறுக்கும் சூடும் இங்கே ஆபத்து. பாலை நன்றாகக் குறுக்கி, முழுக்கக் குளிர வைத்து, நன்கு பழுத்த மாம்பழக் கூழைப் பரிமாறும் நேரத்தில் கலக்க வேண்டும். வங்காளத்தில் ஆரஞ்சுச் சுளைப் பாயசம் செய்பவர்களும் பால் ஆறிய பிறகே சுளைகளைப் போடுவார்கள். அன்னாசியில் புளிப்போடு புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றும் உண்டு. பச்சையாகப் போட்டால் பால் கசந்துவிடும். துண்டுகளைச் சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் நொதி செயலிழக்கும். ஆனால் புளிப்பு அப்படியே இருக்கும். அதனால் வெந்த அன்னாசியையும் ஆற வைத்துக் குளிர்ந்த பாலில்தான் சேர்க்க வேண்டும்.

ஒட்டிய கேசீன் மீண்டும் பிரியாது. எவ்வளவு கலக்கினாலும் திரிந்த பாயசம் பழைய நிலைக்கு வராது. பால் நல்ல பாலாக இருந்திருந்தால் திரிந்த பாயசத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் துகளும் நாக்கில் தட்டாது. அடுத்த முறை பாலை ஊற்றும் முன் பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.