மேடையில் தன் குரலைக் கேட்பது

மேடை மானிட்டர் என்பது கூட்டத்துக்காக வைக்கும் ஸ்பீக்கர் அல்ல. பாடுபவர் காலடியில், அவர் முகத்தைப் பார்த்தபடி சாய்வாகக் கிடக்கும் கறுப்புப் பெட்டி அது. அவர் பாடுவதை அவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாடுபவருக்குத் தன் குரல் எப்படிக் கேட்காமல் போகும் என்று தோன்றலாம். முதுகுக்குப் பின்னால் நூறு வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் பக்கத்தில் டிரம்ஸும் முழங்கும்போது உண்மையாகவே கேட்காது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். தன் குரல் காதில் விழாதவர் தன்னையறியாமல் கத்துவார். சுருதி விலகும், நாலு பாட்டுக்குள் தொண்டை கட்டும்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவுக்கு இதுதான் நடந்தது. 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வாக்ஸ் நிறுவனம் நூறு வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. குரல் கூட்டத்தை நோக்கிய ஒலிபெருக்கிகளுக்குப் போயிற்று. மேடையில் இருந்த நால்வரை நோக்கி ஒரு ஸ்பீக்கர்கூட இல்லை. ரசிகர்களின் கூச்சலில் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்குக் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் தாளத்தைப் பிடித்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அந்த நிலையிலும் அவர்கள் சேர்ந்து வாசித்து முடித்தது பெரிய காரியம். தூரத்து ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும் ஒலியை நம்பவும் வழியில்லை. ஒலி 34 மீட்டர் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்தங்கிக்கொண்டே போகும்.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மேடையை நோக்கித் திருப்பிய ஸ்பீக்கர்கள் பரவின. எழுபதுகளில் மானிட்டருக்கென்றே தனி மிக்ஸரும், மேடையோரத்தில் அதைக் கவனிக்கத் தனி ஆளும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. பாடகருக்குத் தன் குரலும் சுருதிக்கு ஒரு கீபோர்டும் போதும். டிரம்மருக்கு பாஸ் கிட்டார் இல்லாமல் முடியாது. அதனால் ஒரே பாட்டை ஆளுக்கொரு விதமாகக் கலந்து அனுப்புவார்கள்.

பெட்டியைத் திருப்பி வைத்தவுடன் புதுத் தொல்லை ஒன்றும் வந்தது. மைக்கில் போன குரல் ஸ்பீக்கரில் வெளிவந்து, மறுபடி மைக்கில் நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகினால் மைக் கூவும். ஊர்த் திருவிழாவில் எல்லோரும் கேட்ட அதே கூவல்தான். இதைத் தடுக்கும் முதல் வழி, பெட்டியை வைக்கும் இடம். மேடை மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் நன்றாகவும் நேர் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும். அந்தப் பின்பக்கத்தில் பெட்டியை வைத்தால் மைக் அதைக் கவனிக்காது. சில மைக்குகளுக்குக் காது மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்தின் இரு ஓரங்களில் இருக்கும். அவற்றுக்கு இரண்டு பெட்டிகளை அகட்டி வைப்பார்கள். இவ்வளவு பார்த்து வைத்த பிறகு, பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எல்லாம் வீண். மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கி உடனே கூவும்.

இரண்டாவது வழி, நிகழ்ச்சிக்கு முன்பே மைக்கை வேண்டுமென்று கூவ வைப்பது. மானிட்டர் ஒலியை மெல்ல ஏற்றுவார்கள். முதலில் எந்தச் சுருதியில் கூவுகிறதோ, ஒலியை 31 பட்டைகளாகப் பிரிக்கும் ஈக்வலைசரில் அந்தப் பட்டையை மட்டும் மூன்று நாலு டெசிபல் இறக்குவார்கள். மறுபடி ஏற்றினால் வேறொரு சுருதி கூவும், அதையும் இறக்குவார்கள். ஐந்தாறு இறக்கத்துக்குப் பிறகு பலன் நின்றுவிடும். பல சுருதிகள் ஒரே நேரத்தில் கூவத் தொடங்கும், இறக்கிய குரலும் உயிரில்லாமல் ஒலிக்கும். அந்த மேடையில் அந்தப் பெட்டிக்கு அதுவே எல்லை.

எல்லைக்குள் நின்றாலும் சண்டை ஓயாது. மானிட்டர் உயர்ந்தால் கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவார், டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார், பாடகர் மறுபடி மானிட்டரை ஏற்றச் சொல்வார். சத்தத்தைச் சத்தத்தால் வெல்லப் பார்ப்பதுதான் இந்த முறையின் அடிப்படைக் குறை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். மேடையில் 103 டெசிபல் இருந்தால், அதை மீற மானிட்டர் 106 தர வேண்டும். 106 டெசிபலுக்கு அந்தக் கணக்கு அனுமதிப்பது நாலு நிமிடத்துக்கும் குறைவு. கச்சேரியோ இரண்டு மணி நேரம்.

காதுக்குள் செருகும் மானிட்டர் இந்தச் சண்டையைத் தொடங்கவே விடுவதில்லை. முதலில் காதை அடைக்கிறது, பிறகு வேண்டியதை மட்டும் உள்ளே விடுகிறது. எண்பதுகளிலேயே சில கலைஞர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். பரவலாக வழி திறந்தது 1995இல். வான் ஹேலன் குழுவின் மானிட்டர் பொறியாளர் ஜெரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, காதின் அச்சில் வார்த்த கூட்டுக்குள் இரண்டு நுண்ணிய ஒலிப்பான்களை வைத்தார். ஒன்று கீழ் ஒலிக்கு, ஒன்று மேல் ஒலிக்கு. காது கேட்கும் கருவிகளில் இருக்கும் வகையைச் சேர்ந்தவை அவை. நன்றாகப் பொருந்திய கூடு வெளிச்சத்தத்தில் சுமார் 25 டெசிபலைத் தடுக்கும். அதே 103 டெசிபல் மேடை காதுக்குள் 78 ஆகிவிடுகிறது. இசையை 85இல் வைத்தாலே தெளிவாகக் கேட்கும். ஒலி காதுக்குள்ளேயே அடங்குவதால் மைக் கூவவும் வழியில்லை.

எல்லாம் கூடு பொருந்துவதைப் பொறுத்தது. வாய் திறக்கும்போது காதுத்துளையின் வடிவம் மாறும். அதனால் பாடகருக்கு அச்செடுக்கும்போது, பற்களுக்கிடையில் ஒரு கட்டையைக் கொடுத்து வாயைத் திறந்தபடி வைத்துத்தான் மெழுகு போன்ற பசையைக் காதில் நிரப்புவார்கள். எங்காவது இடைவெளி விழுந்தால் முதலில் தொலைவது பாஸ் ஒலி. பாடகர் “பாஸ் பத்தலை” என்பார், பொறியாளர் ஏற்றுவார், பிரச்சினை தீராது. விரலால் கூட்டைச் சற்று அழுத்தினால் பாஸ் திரும்பி வருமானால் குறை மிக்ஸரில் இல்லை, அச்சில்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

பாடகருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காது அடைபட்டால் தன் குரல் எலும்பு வழியாக உள்ளே பெரிதாக முழங்கும். டிஜிட்டல் மிக்ஸர் வழியாக வரும் குரலோ ஓரிரு மில்லி நொடி தாமதமாக வந்து அதோடு கலக்கும். சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள் பாடுவது போல் குரல் பொள்ளலாகிவிடும். மிக்ஸரில் அந்த மைக்கின் ஒலியலையைத் தலைகீழாக்கும் பொத்தானைத் தட்டிப் பார்த்தால் சில வேளை சரியாகும்.

பலரும் சொல்லும் குறை தனிமை. கைதட்டல் கேட்பதில்லை, கூட்டம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலத் தோன்றும். இதற்காக மேடை ஓரங்களில் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து, அந்த ஒலியைக் காதுக்குள் கொஞ்சம் கலப்பார்கள். அது இல்லாதபோது பாடகர்கள் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுகிறார்கள். திறந்த காதில் மேடையின் 103 டெசிபலும் நேராக விழும், அதற்கு ஈடாக மற்றக் காதில் ஒலியை ஏற்றச் சொல்வார்கள். காப்பாற்ற வந்த கருவியால் இரண்டு காதும் கெடும். இரண்டையும் போட்டிருந்தாலும் ஒலியை ஏற்றும் குமிழ் பாடகரின் இடுப்பிலேயே இருக்கிறது. பழைய பெட்டி தந்த அதே 106 டெசிபலை இதிலும் வரவழைக்கலாம்.

நடமாடும் பாடகருக்கு ஒலி ரேடியோ அலையில் வருகிறது. அலை அறுந்தால் நடுப்பாட்டில் காது செவிடாகும். அதனால் பல குழுக்கள் காலடிப் பெட்டி ஒன்றை இன்றும் உதவிக்கு வைத்திருக்கின்றன. டிரம்மர் இடம் பெயர்வதில்லை, அவருக்கு வயரே போதும். அவர் இழப்பது பாஸ் டிரம் நெஞ்சில் மோதும் அந்த அடியை. அதைத் திருப்பித் தர, இருக்கையின் அடியில் ஓர் அதிர்வுக் கருவியைத் திருகி வைக்கிறார்கள். மிதிக்கும் ஒவ்வொரு அடியும் சத்தமில்லாமல் முதுகெலும்பில் ஏறும்.