இ.சி.ஜி. தாளை வரிசையாகப் படிப்பது எப்படி?

இ.சி.ஜி. பற்றிய வகுப்புக் குறிப்புகள் பெரும்பாலும் நோயின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். மாரடைப்புக்கு ஒரு தலைப்பு, இதய உறை அழற்சிக்கு இன்னொன்று, மின்கடத்தல் தடைகளுக்குத் தனியே சில பக்கங்கள். தேர்வு எழுத இந்த அடுக்கு போதும். ஆனால் இயந்திரத்திலிருந்து வெளிவரும் தாளில் நோயின் பெயர் இருக்காது. பன்னிரண்டு லீட்களின் கோடுகள் மட்டுமே இருக்கும். மாணவர் அந்தக் கோடுகளில் தனக்குத் தெரிந்த ஒரு நோயைத் தேடத் தொடங்குகிறார், அது கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார். இ.சி.ஜி. வாசிப்பில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது. நோய்வாரியாக இருக்கும் குறிப்பைக் கலைத்து, தாளில் கண் எந்த வரிசையில் நகர வேண்டுமோ அந்த வரிசைக்கு மாற்றி அடுக்கிக்கொள்வதே இதற்கு மருந்து.

ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டால் வேலை எப்படி என்பது புரியும். “இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பில் இரண்டாம், மூன்றாம் லீட்களிலும் ஏ.வி.எஃப்.பிலும் எஸ்.டி. உயரும், ஏ.வி.எல்.லில் தாழும், பி.ஆர். இடைவெளி நீளலாம், வலது கீழறையும் பாதிக்கப்படலாம்” என்பது வகுப்பில் சொல்லப்படும் வாக்கியம். இதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. நான்கும் தாளில் நான்கு வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரத்தில் பார்க்கப்படுபவை. பி.ஆர். பற்றியது இடைவெளிகளை அளக்கும் படிக்குப் போக வேண்டும். எஸ்.டி. உயர்வு அதற்கடுத்த படிக்கு. ஏ.வி.எல். தாழ்வு, “எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது?” என்ற கேள்வியாக மாற வேண்டும். வலது கீழறை பற்றியது, அடுத்து எடுக்க வேண்டிய கூடுதல் லீடாக மாற வேண்டும். இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் “எங்கே பார்ப்பது, எதை அளப்பது, எல்லை எவ்வளவு” என்று பிரித்துப் போட்டால், நாற்பது பக்கக் குறிப்பும் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும்.

முதல் படி, தாளையே சரிபார்ப்பது. பெயர், வயது, எடுத்த நேரம், அந்த நேரத்தில் வலி இருந்ததா என்பது. பிறகு வேகமும் உயரமும். வழக்கமான வேகம் நொடிக்கு 25 மி.மீ.; அப்போது ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம், தாளின் ஓரத்தில் செவ்வகமாக நிற்கும் அளவுக்குறி இதைக் காட்டும். அந்தக் குறி 5 மி.மீ. உயரத்தில் இருந்தால் எல்லா அலைகளும் பாதியாகச் சுருங்கியிருக்கின்றன என்று பொருள். அதைக் கவனிக்காமல் எஸ்.டி. உயர்வை அளந்தால் கணக்கே தவறும்.

இந்தப் படியிலேயே ஒரு போலித் தோற்றம் காத்திருக்கிறது. வலது கை, இடது கை வயர்கள் மாறிவிட்டால் முதல் லீடில் பி அலை உட்பட எல்லாம் தலைகீழாகும், ஏ.வி.ஆர். நிமிர்ந்து நிற்கும். இதயம் வலப்பக்கம் அமைந்தவரின் தாளும் இதே போலத்தான் இருக்கும். மார்பு லீட்கள் இரண்டையும் பிரித்துக் காட்டும். வயர் மாறிய தாளில் வி1 முதல் வி6 வரை ஆர் அலை வழக்கம்போல வளர்ந்துகொண்டே போகும். இதயம் வலப்பக்கம் இருந்தால் போகப் போகச் சிறுக்கும்.

அடுத்தது வேகமும் தாளமும். துடிப்பு சீராக இருந்தால் இரண்டு ஆர் அலைகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300-ஐ வகுக்கலாம். சீரில்லாவிட்டால் பத்து நொடித் தாளில் உள்ள துடிப்புகளை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு க்யூ.ஆர்.எஸ். அலைக்கு முன்னும் பி அலை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நடுங்கும் கை இங்கே ஏமாற்றும். அடிக்கோடு முழுக்க அலைபாய்வதைப் பார்த்து மேலறைத் துடிப்புக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். முதல் லீட் இரண்டு கைகளுக்கு இடையே, இரண்டாவது வலது கைக்கும் இடது காலுக்கும் இடையே, மூன்றாவது இடது கைக்கும் இடது காலுக்கும் இடையே பதிவாகிறது. வலது கை மட்டும் நடுங்கினால் மூன்றாம் லீட் தெளிவாக இருக்கும். அதில் ஒழுங்கான பி அலைகள் தெரிந்துவிடும். இதயத்தில் உண்மையிலேயே கோளாறு என்றால் ஒரு லீடுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்காது.

பிறகு இடைவெளிகள். பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடக்கம் வரையிலான பி.ஆர். இடைவெளி மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்க வேண்டும். க்யூ.ஆர்.எஸ். அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். இந்த அகலத்தை எஸ்.டி.யைப் பார்ப்பதற்கு முன்பே அளப்பதில் காரணம் உண்டு. இதயத்தின் இடதுபக்க மின்கிளையில் தடை இருந்தால் க்யூ.ஆர்.எஸ். அகன்றுவிடும், அப்போது எஸ்.டி. பகுதி தானாகவே க்யூ.ஆர்.எஸ். போகும் திசைக்கு எதிராக நகரும். வி1 முதல் வி3 வரை அலை ஆழமாகக் கீழிறங்குவதால் அங்கே எஸ்.டி. உயர்ந்து தெரியும். அகலத்தை அளக்காதவர் கண்ணுக்கு அது முன்சுவர் மாரடைப்பு. அளந்தவருக்கோ, எதிர்த்திசை உயர்வு அந்தத் தடையோடு சேர்ந்தே வருவது, க்யூ.ஆர்.எஸ். மேல்நோக்கி இருக்கும் லீடில் எஸ்.டி.யும் ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால்தான் அது தனி எச்சரிக்கை.

எஸ்.டி.க்கு வரும்போது நிதானம் வேண்டும். க்யூ.ஆர்.எஸ். முடிந்து கோடு திரும்பும் புள்ளியில், அதற்கு முந்தைய அடிக்கோட்டை ஒப்பிட்டு உயரத்தை அளக்க வேண்டும். இதயத்தின் ஒரே பக்கத்தைப் பார்க்கும் இரண்டு லீட்களிலாவது ஒரு மி.மீ. உயர்வு இருந்தால் அது கணக்கில் சேரும். வி2, வி3 இரண்டுக்கும் மட்டும் எல்லை வேறு: நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மி.மீ., நாற்பதுக்குக் குறைந்த ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. உடல்நலத்தோடு இருப்பவர்களிடமும் அந்த இரண்டு லீட்களில் ஓரளவு உயர்வு இயல்பாகவே காணப்படுகிறது என்பதே இதற்குக் காரணம்.

ஒரு மாதிரித் தாளை இந்த வரிசையில் படித்துப் பார்க்கலாம். 54 வயது ஆண். ஒரு மணி நேரமாக நெஞ்சில் இறுக்கம், வியர்வை. அளவுக்குறி 10 மி.மீ., வேகம் 25. ஆர் அலைகளுக்கு நடுவே ஐந்து பெரிய கட்டம். ஆக நிமிடத்துக்கு 60 துடிப்பு, சீரானது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பி அலை இருக்கிறது. பி.ஆர். இடைவெளி ஆறு சின்னக் கட்டம், அதாவது 0.24 நொடி, நீண்டிருக்கிறது. க்யூ.ஆர்.எஸ். இரண்டு சின்னக் கட்டம். கிளைத் தடை இல்லை. எஸ்.டி. இரண்டாம் லீடில் 1.5 மி.மீ., மூன்றாவதில் 2.5, ஏ.வி.எஃப்.பில் 2 என்று உயர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் பார்த்தால் முதல் லீடில் 1 மி.மீ. தாழ்வு, ஏ.வி.எல்.லில் ஏறக்குறைய 2 மி.மீ. தாழ்வு. முதல் லீடையும் மூன்றாம் லீடையும் கூட்டினால் இரண்டாம் லீட் வர வேண்டும் என்பது ஐந்தோவன் வகுத்த விதி; இங்கே கழித்தல் 1-ஐயும் 2.5-ஐயும் கூட்டினால் 1.5 வருகிறது, அளவீடு பொருந்துகிறது.

இது கீழ்ச்சுவர் மாரடைப்பு. மூன்றாம் லீடின் உயர்வு இரண்டாவதைவிட அதிகம், முதல் லீட் தாழ்ந்திருக்கிறது. ஆகவே அடைபட்டது வலது இதயத் தமனியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வி4 பட்டையை மார்பின் வலப்பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டி இன்னொரு பதிவு எடுக்க வேண்டும். அதிலும் எஸ்.டி. உயர்ந்திருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சட்டென்று வீழ்த்திவிடக்கூடும். ஆகவே அந்த மாத்திரைக்கு முன்பே இந்தப் பதிவு எடுக்கப்பட வேண்டும்.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் தாள், இதய உறை அழற்சி உள்ளவருடையது. 26 வயது இளைஞர் ஒருவருக்கு மூச்சை இழுத்தால் வலி கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் லீடிலும் ஏ.வி.எஃப்.பிலும் அவருக்கும் எஸ்.டி. உயர்ந்திருக்கும். ஆனால் உயர்வு அங்கே நிற்காது. முதல் லீடிலும், வி2 முதல் வி6 வரையிலும் பரவியிருக்கும், மேல்பக்கம் குழிந்த வடிவில். பி.ஆர். பகுதி இரண்டாம் லீடில் சற்றே கீழிறங்கியிருக்கும், ஏ.வி.ஆரில் மேலேறியிருக்கும். எஸ்.டி. தாழ்வு ஏ.வி.ஆரிலும், சில நேரம் வி1-லும் மட்டுமே. ஏ.வி.எல். தாழ்ந்திருந்தால் உறை அழற்சி என்ற முடிவைக் கைவிட வேண்டும். இந்த ஒரு விதி எத்தனையோ தவறுகளைத் தடுக்கும்; சரிபார்ப்புத் தாளில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பது தகும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. நோயே இல்லாத இளைஞர்களின் மார்பு லீட்களிலும் எஸ்.டி. உயர்ந்திருக்கும், க்யூ.ஆர்.எஸ். முடிவில் மீன்கொக்கி போல ஒரு வளைவோடு. இதை உறை அழற்சியிலிருந்து பிரிக்க வி6-ஐப் பார்க்கலாம். அங்கே எஸ்.டி.யின் உயரம் டி அலையின் உயரத்தில் கால்பங்குக்கு மேல் இருந்தால் உறை அழற்சியின் பக்கம் சாயும். குறைவாக இருந்தால் இயல்பான வகையின் பக்கம். பழைய இ.சி.ஜி. ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் நல்லது: இயல்பான வகை பெரும்பாலும் பழைய தாளிலும் இருக்கும்.

இத்தனையையும் ஒரு சட்டைப்பை அட்டையில் எழுதினால் கேள்விகள் இப்படி அமையும்: யாருடைய தாள், எப்போது எடுத்தது? அளவுக்குறி சரியா, முதல் லீட் தலைகீழா? வேகம் எவ்வளவு, சீரா, பி அலை உண்டா? பி.ஆர். ஐந்து கட்டத்துக்குள்ளா? க்யூ.ஆர்.எஸ். மூன்று கட்டத்துக்குள்ளா? எஸ்.டி. எந்தெந்த லீட்களில் உயர்ந்தது, அவை ஒரே பக்கத்தவையா? எதிர்ப்பக்கம் தாழ்ந்ததா? டி அலை எப்படி? பழைய தாள் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதிய பிறகுதான் நோயின் பெயர் எழுதப்பட வேண்டும். இயந்திரம் மேலே அச்சடித்துத் தரும் முடிவையும் அதற்குப் பிறகு படிப்பதே நல்லது. முன்பே படித்தால் கண் அதைத்தான் தேடும்.

அட்டையின் கடைசிக் கேள்வி தாளுக்கு வெளியே இருக்கிறது: நோயாளியின் வலி தொடர்கிறதா? மாரடைப்பின் தொடக்கத்தில் இ.சி.ஜி. இயல்பாகவே இருக்கலாம். வி1 முதல் வி3 வரை தாழ்வு மட்டும் தெரிந்தால் அடைப்பு இதயத்தின் பின்சுவரில் இருக்கலாம். அப்போது வி7 முதல் வி9 வரையான பட்டைகளை முதுகுப்பக்கம் ஒட்டிப் பதிய வேண்டும். எதுவும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால், முதல் ஒரு மணி நேரத்துக்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவை மறுபடி எடுத்து, ஒவ்வொரு தாளையும் அதே வரிசையில் முதலிலிருந்து படிக்க வேண்டும்.