கமிஷன் 500 ரூபாய்தான், ரேட் எவ்வளவு?

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பப் போகிறவர்கள் வங்கியில் முதலில் கேட்பது, "கமிஷன் எவ்வளவு சார்?" என்பதுதான். "ஐந்நூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி" என்று பதில் வரும். ஆறு லட்சம் அனுப்ப ஐந்நூறு என்றால் பரவாயில்லையே என்று A2 படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதே பரிமாற்றத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் வேறு வழியாகப் போயிருக்கும். எந்த ரசீதிலும் அது கட்டணம் என்று இருக்காது. 'செய்கூலி இல்லை' என்று பலகை வைத்துவிட்டுச் சேதாரத்தில் பிடித்துக்கொள்ளும் நகைக்கடை மாதிரி, இங்கே அது 'ரேட்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் பவுண்டை வாங்கி விற்கும் மொத்தச் சந்தையில், எந்த நொடியிலும் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று வாங்கத் தயாரான விலை, இன்னொன்று விற்கத் தயாரான விலை. இரண்டுக்கும் இடைவெளி சில பைசாதான். அந்த இரண்டின் நட்டநடுவே இருப்பதுதான் நடுவிலை. கூகுளில் GBP INR என்று அடித்தால் தெரியும் விலை கிட்டத்தட்ட அதுதான். ஒரு பவுண்டு இன்று 120 ரூபாய் என்று அங்கே பார்த்துவிட்டு வங்கிக்குப் போனால் 123 என்பார்கள். வங்கி ஏமாற்றுகிறது என்று இதற்குப் பொருளில்லை. நடுவிலையில் நமக்கு விற்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் அந்த மூன்று ரூபாய்தான் நாம் கொடுக்கும் உண்மையான கமிஷன்.

மூன்று ரூபாய் ஏன்? பெரும்பாலான வங்கிகள் காலையில் ஒரு விலைப்பட்டியல் போடும். அதைக் 'கார்டு ரேட்' என்பார்கள். அதில் பல பத்திகள் இருக்கும். வெளிநாட்டுக்குக் கணக்கு வழியாக அனுப்புகிறவர் பார்க்க வேண்டியது TT Selling என்ற பத்தி. பக்கத்திலேயே கரன்சி நோட்டுக்கான விலையும் இருக்கும். அது இன்னும் அதிகம், நமக்கு அது வேண்டியதில்லை. காலையில் போட்ட விலையை வைத்துக்கொண்டு மாலை வரை சமாளிக்க வேண்டும் என்பதால், நடுவில் சந்தை ஏறினாலும் கை கடிக்காதபடி வங்கி கொஞ்சம் கூட்டியே வைக்கும். பவுண்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரூபாய் சந்தையில் வியாபாரம் பெரும்பாலும் டாலரில்தான் நடக்கிறது. பவுண்டு விலை, டாலர் வழியாகச் சுற்றிக் கணக்கிடப்படுவது. ஆகவே டாலருக்கு வைப்பதைவிடப் பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே வைப்பார்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்கு 5,000 பவுண்டு போய்ச் சேர வேண்டும். நடுவிலை 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவே இல்லாத உலகத்தில் இதற்கு 6,00,000 ரூபாய் போதும். அதற்கு மேல் போவதெல்லாம் செலவு. (கீழே வரும் ரேட்டுகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வங்கியின் இன்றைய ரேட்டைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.)

முதலில் வங்கிக் கிளை. கார்டு ரேட் 123. பவுண்டுக்கு மட்டும் 6,15,000 ரூபாய். கமிஷன் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. இது போக, நாணயம் மாற்றுவதற்கே தனியாக ஒரு ஜிஎஸ்டி உண்டு. மாற்றும் முழுத் தொகைக்கும் அந்த வரி இல்லை. ஒரு லட்சம் வரை 1 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 0.5 சதவீதம் என்று கூட்டி, வரும் தொகையைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குத்தான் 18 சதவீதம். நம் கணக்கில் 644 ரூபாய் வரும். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே தொகைதான், ஆகவே ஒப்பிடும்போது இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆக மொத்தம் கணக்கிலிருந்து போவது 6,16,234 ரூபாய்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. படிவத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். OUR என்றால் எல்லாம் அனுப்புகிறவர் பொறுப்பு. SHA என்றால் இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் பெறுகிறவருடையது. பல கிளைகளில் கேட்காமலே SHA-வில் டிக் விழுந்துவிடும். நம் வங்கிக்கு லண்டனில் நேரடித் தொடர்பு இல்லையென்றால் பணம் நடுவில் இன்னொரு வங்கி வழியாகப் போகும், அது தன் கூலியைப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். 15 பவுண்டு எடுத்தது என்றால் 4,985 தான் போய்ச் சேரும். பல்கலைக்கழகத்தின் கணக்கில் 15 பவுண்டு பாக்கி என்று காட்டும். அந்தப் பதினைந்தைத் திரும்ப வங்கி வழியாக அனுப்புவதற்கு ஆகும் செலவு பதினைந்து பவுண்டைவிட அதிகமாகவே இருக்கலாம்! எங்கே பிடித்தார்கள் என்று தேட வேண்டுமானால் முதலில் வங்கியில் ஸ்விஃப்ட் நகல் கேட்டு வாங்க வேண்டும். அனுப்பச் சொன்ன தொகை அதில் இருக்கும்.

இப்போது ஒப்பிட ஒரே ஓர் எண் போதும். நம் கணக்கிலிருந்து போன மொத்த ரூபாயை, அங்கே போய்ச் சேர்ந்த பவுண்டால் வகுக்க வேண்டும். 6,16,234-ஐ 4,985-ஆல் வகுத்தால் 123.62. வங்கி சொன்ன 123-உம் இல்லை, 500 ரூபாய் கமிஷனும் இல்லை. பவுண்டுக்கு நடுவிலையைவிட 3 ரூபாய் 62 பைசா அதிகம், அதாவது 3 சதவீதம்.

அடுத்தது, 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்யும் நாணயமாற்று நிறுவனம். ரேட் 121.80. பவுண்டுக்கு 6,09,000, ஜிஎஸ்டி 638. முழுத் தொகையும் போய்ச் சேரும் என்று எழுத்தில் தருகிறார்கள். வகுத்தால் 121.93.

மூன்றாவது, 'நடுவிலையிலேயே தருகிறோம், கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறோம்' என்னும் செயலி. ரேட் 120-தான். கட்டணம் 1.25 சதவீதம், அதாவது 7,500 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 1,350, நாணயமாற்று ஜிஎஸ்டி 630. மொத்தம் 6,09,480. வகுத்தால் 121.90. கட்டணமே இல்லை என்றவருக்கும் ஏழாயிரத்து ஐந்நூறு கட்டணம் என்றவருக்கும் வித்தியாசம் மூன்றே பைசா. செயலி காட்டுவது நேர்மையான கணக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேர்மையாகக் காட்டுவது வேறு, மலிவாகக் கொடுப்பது வேறு.

நான்காவது வழியைப் பலர் முயல்வதே இல்லை. முதலில் போன அதே வங்கிக் கிளைக்குத் திரும்பப் போய் பேரம் பேசுவது. கார்டு ரேட் என்பது கேட்காதவர்களுக்கான ரேட். தொகை சில லட்சம் என்றால் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்தின் ட்ரெஷரிக்குப் போன் போட்டு அன்றைய நிலவரத்துக்கு ஒரு ரேட் வாங்க முடியும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"சார், ஐபிஆருக்கு மேல எத்தனை பைசா வைக்கிறீங்க?"

"அமௌண்ட் எவ்வளவு?"

"அஞ்சாயிரம் பவுண்டு. வெளியில ஒண்ணு எண்பதுல தர்றாங்க."

"இருங்க, ட்ரெஷரியில கேட்டுச் சொல்றேன்."

ஐபிஆர் என்பது வங்கிகளுக்கு இடையிலான விலை. இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். 90 பைசா மார்ஜினில் 120.90 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பவுண்டுக்கு 6,04,500. கமிஷன் வரியோடு 590. இந்த முறை OUR கேட்டதால் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் வரியோடு 1,770. நாணயமாற்று ஜிஎஸ்டி 634. மொத்தம் 6,07,494, முழு 5,000 பவுண்டும் போய்ச் சேருகிறது. வகுத்தால் 121.50. நான்கிலும் குறைவு இதுதான். முதல் ரேட்டோடு ஒப்பிட்டால், அதே மேஜை, அதே அதிகாரி, வித்தியாசம் பவுண்டுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல்.

எல்லாக் கிளையிலும் இது நடக்காது. சிறிய ஊர்க் கிளைகள் பலவற்றில் அந்நியச் செலாவணி வேலையே இல்லை. காகிதங்களை வேறொரு கிளைக்கு அனுப்புவார்கள். அங்கே என்றைக்குப் பதிவாகிறதோ அன்றைய ரேட்தான். பேசி முடித்த ரேட் எத்தனை மணி வரை செல்லும் என்று கேட்டு, அதற்குள் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பிடுவதிலும் இதே கவனம் வேண்டும். காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் ரேட் கேட்டு ஒப்பிட்டால், அந்த இடைவெளியில் சந்தையே அரை ரூபாய் நகர்ந்திருக்கலாம். யாரிடம் கேட்டாலும் அந்த நிமிடத்தின் நடுவிலையையும் பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது. சனி, ஞாயிறில் சந்தை மூடியிருக்கும். அப்போது காட்டும் ரேட்டில் திங்கட்கிழமைக்கான பயமும் சேர்ந்திருக்கும்.

பல்கலைக்கழகங்களே ஒரு கட்டணத் தளத்தைக் காட்டி, 'ரூபாயில் இவ்வளவு கட்டுங்கள்' என்று சொல்வதுண்டு. அங்கே ரேட்டைத் தேட வேண்டாம். சொன்ன ரூபாயைக் கட்டணப் பவுண்டால் வகுத்தால் போதும்.

தொகை சிறியதானால் வரிசை தலைகீழாகிவிடும். பிள்ளையின் கைச்செலவுக்கு 200 பவுண்டு அனுப்புகிறோம். நடுவிலையில் 24,000 ரூபாய். இந்தத் தொகைக்கு ட்ரெஷரி ரேட் கேட்டால் சிரிப்பார்கள். கார்டு ரேட்டில் 24,600, கமிஷன் 590, வெளிநாட்டுக் கட்டணம் 1,770, ஜிஎஸ்டி குறைந்தபட்சத் தொகையான 45, மொத்தம் 27,005. பவுண்டு 135 ரூபாயாகிவிட்டது. செயலியில் அதே 1.25 சதவீதம் என்றால் எல்லாம் சேர்த்து 24,399, பவுண்டு 122 ரூபாய். உலக வங்கி நாடு நாடாக இந்தச் செலவை அளக்கும்போது, கட்டணத்தோடு ரேட் மார்ஜினையும் சேர்த்து, 200 டாலர் என்ற சிறு தொகையை வைத்தே பார்க்கிறது. 2030-க்குள் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தின் செலவு 3 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. சிறு தொகைகளில்தான் நிலையான கட்டணம் இப்படிக் கடிக்கிறது. மாதம் 200 பவுண்டை வங்கி வழியாக அனுப்புகிறவர், ஆறு மாதத் தொகையைச் சேர்த்து ஒரே தடவை அனுப்பினால் ஐந்து தடவைக்கான கமிஷனும் வெளிநாட்டுக் கட்டணமும் மிச்சம்.

டிசிஎஸ் என்ற வரியைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் இப்படி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை, 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு வங்கி டிசிஎஸ் பிடிக்கும். நம் ஆறு லட்சத்துக்கு அது வராது. அதே ஆண்டில் இரண்டாம் தவணை கட்டும்போது வரும். வங்கியை மாற்றினால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், கணக்கு பான் எண்ணின் மேல் ஏறுகிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் இந்த வரி இல்லை. படிவத்தில் நோக்கக் குறியீடு படிப்புக்கானதாக, அதாவது S0305 என்று இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்த்துவிட வேண்டும். வேறு நோக்கம் என்று பதிவானால் விகிதம் பல மடங்காகிவிடும். டிசிஎஸ்ஸைச் செலவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், மிச்சமிருந்தால் திரும்பி வரும். மாதச் சம்பளக்காரர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிடித்த தொகையின் விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால், 2024 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி, சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள்.