மூன்று தொழில், ஒரு மதிப்பெண் அட்டவணை

கையில் ஒரு லட்சம் ரூபாய் சேமிப்புடன் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் குடும்பத்துக்கு யோசனைப் பஞ்சம் வருவதில்லை. இட்லி மாவு போடலாம் என்பார் ஒருவர், காளான் வளர்க்கலாம் என்பார் இன்னொருவர், தையல் கடை வைக்கலாம் என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கும்போது நல்லதாகவே தெரியும். மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும்போதுதான் வேறுபாடு தெரியவரும். அதற்கான எளிய கருவி மதிப்பெண் அட்டவணை. பழைய உத்திதான் இது. முடிவெடுக்கத் தடுமாறிய ஜோசப் பிரீஸ்ட்லிக்கு 1772-இல் எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைப் போன்ற ஒரு வழியைச் சொன்னார்: சாதகங்களையும் பாதகங்களையும் இரு பத்திகளில் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று மதிப்பிட்டு, சமமானவற்றை அடித்துக்கொண்டே வர வேண்டும்.

தொழில்களை ஒப்பிட நான்கு தலைப்புகள் போதும்: முதலீடு, திறமை, தேவை, நட்ட அபாயம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தேவை அதிகமானால் நல்லது. முதலீடும் அபாயமும் அதிகமானால் கெட்டது. நான்கையும் அப்படியே கூட்டினால் பெரிய முதலீடும் பெரிய அபாயமும் உள்ள தொழில் முதலிடம் பிடித்துவிடும். ஆகவே எல்லாத் தலைப்பிலும் 5 என்றால் தொடங்குபவருக்குச் சாதகம், 1 என்றால் பாதகம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். முதலீட்டில் 5 என்றால் குறைந்த பணம் போதும் என்று பொருள்.

மதிப்பெண்ணுக்கு ஒரு விதியும் வேண்டும். இல்லாவிட்டால் மனத்துக்குப் பிடித்த தொழிலுக்கே கை தானாக 5 போடும். முதலீட்டுக்கான விதி இப்படி இருக்கலாம்: சேமிப்பில் கால் பங்குக்குள் முடிந்தால் 5, பாதிக்குள் 4, முக்கால் பங்குக்குள் 3, முழுச் சேமிப்போடு சிறிது கடனும் வேண்டுமானால் 2, பெரும்பகுதி கடன் என்றால் 1. இயந்திரத்தின் விலையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. வாடகை முன்பணம், மின் இணைப்பு, முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கான மூலப்பொருள், கடைக்காரர்களிடம் கடனாக நிற்கும் தொகை ஆகியவையும் முதலீடுதான்.

தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் கணவன், மனைவி இருவர் மட்டுமே உழைக்கும் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சேமிப்பு ஒரு லட்சம். வீட்டுக்குப் பின்புறம் கொஞ்சம் காலியிடம், ஒரு இருசக்கர வண்டி. மனைவிக்கு ஓரளவு தைக்கத் தெரியும். விசாரித்ததில் மாவுத் தொழிலுக்கு டில்டிங் கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, பாக்கெட் ஒட்டும் இயந்திரம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் ஆகும் என்றும், கீற்றுக் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்க 70,000 ஆகும் என்றும், மோட்டார் தையல் இயந்திரம், ஓவர்லாக் மெஷின், வெட்டும் மேசை ஆகியவற்றுக்கு 45,000 ஆகும் என்றும் தெரிகிறது. ஊருக்கு ஊர் மாறக்கூடிய இந்தத் தொகைகள் கணக்கு புரிவதற்காகக் கொண்டவை. மேற்சொன்ன விதிப்படி முதலீட்டில் மாவுக்கு 2, காளானுக்கு 3, தையலுக்கு 4.

திறமை என்பது தொழில் கடினமா என்ற பொதுக் கேள்வியாக இல்லாமல், இந்தக் குடும்பத்திடம் இன்று என்ன இருக்கிறது என்ற கேள்வியாக இருக்க வேண்டும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கு எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான் என்பதால் மாவுக்கு 4. தையலுக்கு 3, நேர்த்தையல் வருகிறது, ஆனால் லைனிங் பிளவுஸ் வெட்டிப் பழக்கமில்லை. காளானுக்கு 2. சிப்பிக் காளான் வளர்ப்பு பார்வைக்கு எளிது: வைக்கோலை ஊறவைத்து, வெந்நீரில் அவித்து, ஈரம் வடித்து, பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் வித்தும் மாறிமாறி அடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மொட்டு வரத் தொடங்கும். ஆனால் அவித்ததில் குறை இருந்தாலோ, கையும் இடமும் சுத்தமாக இல்லாவிட்டாலோ வெண்ணிற இழை படர வேண்டிய படுக்கையில் பச்சைப் பூசணம் படரும். வேறு படுக்கைகளுக்கும் அது பரவும். வெயில் காலத்தில் கொட்டகைச் சூடு ஏறினால் விளைச்சலும் படுத்துவிடும். அப்போது வெப்பம் தாங்கும் பால் காளானுக்கு மாற வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்குப் பயிற்சி தருகிறது. ஆனாலும் பயிற்சிக்குப் போய் வந்த மறுநாளே திறமை 5 ஆகிவிடாது.

தேவையில் மாவுக்கு 5 என்று குடும்பம் எழுதுகிறது. தினமும் எல்லா வீட்டிலும் இட்லி, தோசைதானே. தையலுக்கு 4, முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்பும் வேலை குவியும், ஆடியிலும் மார்கழியிலும் ஓய்ந்திருக்கும். காளானுக்கு 2, புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவர்கள் வாங்குவார்கள், மற்ற நாட்களில் சிற்றூரில் வாங்குவோர் குறைவு.

நட்ட அபாயத்தை அளக்கும்போது நட்டம் எத்தனை முறை வரும், வந்தால் எவ்வளவு போகும் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். காளானில் ஒரு தொகுதி படுக்கைகளே ஒன்றாகக் கெடலாம். பறித்த காளானும் வெளியே வைத்தால் ஒரு நாளைத் தாண்டுவது கடினம். ஆகவே 2. தையலில் துணி வாடிக்கையாளருடையது; கெட்டுப்போகும் சரக்கு இல்லை. வெட்டில் தவறினால் ஒரு துணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே 4. மாவில் நட்டம் தினமும் சிறுசிறிதாக வரும் என்பதால் 3.

நான்கு தலைப்பும் சம முக்கியத்துவம் உடையவை அல்ல. கடன் வாங்க அஞ்சும் இந்தக் குடும்பம் முதலீட்டுக்கும் தேவைக்கும் 3 மடங்கு, திறமைக்கும் அபாயத்துக்கும் 2 மடங்கு என்று வைக்கிறது. திறமையைப் பழகிக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம்.

| தொழில் | முதலீடு (×3) | திறமை (×2) | தேவை (×3) | அபாயம் (×2) | மொத்தம் (50-க்கு) |
|---|---|---|---|---|---|
| இட்லி மாவு | 2 | 4 | 5 | 3 | 35 |
| சிப்பிக் காளான் | 3 | 2 | 2 | 2 | 23 |
| தையல் கடை | 4 | 3 | 4 | 4 | 38 |

தையல் 38, மாவு 35. இத்தோடு முடிவெடுத்துவிடத் தோன்றும். ஆனால் மடங்கைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும். தேவைதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அதற்கு 4 மடங்கும் முதலீட்டுக்கு 2 மடங்கும் வைத்தால் மாவும் தையலும் 38 என்று சமமாகிவிடுகின்றன. ஆக, மூன்று புள்ளி வித்தியாசத்தை வித்தியாசம் என்றே கொள்ளக் கூடாது. காளான் மட்டும் எந்தக் கணக்கிலும் மேலே வரவில்லை. இந்த இடத்தில் அட்டவணை சொல்வது இவ்வளவுதான்: காளானை விடலாம், மற்ற இரண்டையும் இன்னும் விசாரிக்க வேண்டும்.

எதை விசாரிப்பது? அதிகப் புள்ளியும் குறைந்த ஆதாரமும் உள்ள கட்டத்தை. இங்கே அது மாவின் தேவைக்குப் போட்ட 5. எல்லோரும் இட்லி சாப்பிடுகிறார்கள் என்பது ஊரின் பசி. ஏற்கெனவே விற்பவர்கள் போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் புதிதாக வருபவருக்கான தேவை. மாவு விற்கும் மளிகைக் கடைகளில் இரவு கடை சாத்தும் நேரத்தில் எத்தனை பாக்கெட் திரும்பிப் போகிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். இந்த ஊரில் இரண்டு பேர் ஏற்கெனவே போடுகிறார்கள், கடைகளில் தினமும் ஆறில் ஒரு பங்கு தங்குகிறது என்று தெரிகிறது.

அந்த ஆறில் ஒரு பங்கு சின்னதாகத் தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. அரிசி, உளுந்து, மின்சாரம், பாக்கெட் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 34 ரூபாய் அடக்கம் என்றும், கடைக்குக் கொடுக்கும் விலை 42 என்றும் கொள்வோம். தினமும் 30 கிலோ போட்டால் செலவு 1,020. முப்பதும் விற்றால் வரவு 1,260, மிச்சம் 240. ஐந்து கிலோ புளித்துத் திரும்பினால் வரவு 1,050. மிச்சம் வெறும் 30 ரூபாய். அரைத்தவரின் கூலி இதில் இன்னும் சேரவில்லை. கடைகளைத் தவிர்த்து வீடுகளுக்கு நேரடியாக 50 ரூபாய்க்கு விற்றால் 480 மிஞ்சும். ஆனால் அதற்கு வாடிக்கை பிடிக்க மாதங்கள் ஆகும். எனவே மாவின் தேவை 5-இலிருந்து 3-க்கும், அபாயம் 3-இலிருந்து 2-க்கும் இறங்குகின்றன.

தையலையும் அதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும். தேவையை அறிய எளிய வழி, ஊரில் உள்ள தையற்காரர்களிடம் பிளவுஸ் கொடுத்து எப்போது கிடைக்கும் என்று கேட்பது. இரண்டு நாளில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் அங்கே வேலை போதவில்லை. இரண்டு வாரம் ஆகும் என்றால் வேலை வழிகிறது. இந்த ஊரில் இரண்டு வாரம் என்றே பதில் வருகிறது. தேவை 4 என்பது நிற்கிறது. திறமையை அறிய, உறவினர்களுக்கு ஐந்து பிளவுஸ் தைத்துக் கொடுத்துப் பார்க்கிறார் மனைவி. இரண்டு, கைக்குழியில் இழுத்துப் பிடித்துத் திரும்பி வருகின்றன. திறமை 3 என்பது 2 ஆகிறது.

திருத்திய கணக்கில் தையல் 36, மாவு 27, காளான் 23. தேவைக்கு 4 மடங்கு வைத்த இன்னொரு கணக்கிலும் தையல் 36, மாவு 28. எந்தப் பக்கம் சாய்த்தாலும் வரிசை மாறாத முடிவைத்தான் நம்பலாம். முதலில் சமமாக நின்ற இரண்டு தொழில்களைப் பிரித்துக் காட்டியது சில நாள் விசாரணையும் ஐந்து பிளவுஸும்.

கூட்டுத்தொகை மறைத்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. ஒரு தலைப்பில் 1 வாங்கிய தொழில் மற்ற மூன்றில் 5 வாங்கி மேலே வந்துவிடலாம். தேவையே இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகத் தயாரித்தாலும் பயனில்லை. எனவே எந்தக் கட்டத்திலாவது 1 விழுந்தால் அந்தத் தொழிலை மொத்தம் பார்க்காமலே நீக்கிவிடும் விதி தேவை. வருமானமும் இந்த நான்கு தலைப்புகளில் இல்லை. மாதம் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவைத்து, அதற்குக் கீழே நிற்கும் தொழிலை அட்டவணைக்குள்ளேயே சேர்க்காமல் விடுவது நல்லது.

இந்தக் குடும்பத்துக்குத் தையல்தான் சரி. ஒரு மோட்டார் இயந்திரத்துடன் வீட்டிலேயே தொடங்கி, பிளவுஸ் வெட்டு கைவந்த பிறகு கடை பிடிக்கலாம். அதே தெருவில் மெஸ் நடத்தி, பெரிய கிரைண்டரும் குளிர்சாதனப் பெட்டியும் ஏற்கெனவே வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த விடை பொருந்தாது. அவர்களுக்கு மாவின் முதலீடு 5, திறமை 5, மொத்தம் 38. ஊசி பிடித்தே பழக்கமில்லாததால் தையல் திறமையில் 1. அது உடனே நீங்கிவிடும். ஒரே ஊர், ஒரே சந்தை என்றாலும் அந்த வீட்டுக்கு மாவுதான் முதலிடம்.